வராதவர்களுக்கு எழுதிய அறிவிப்பு

நான் தனியாகப் பிசியோதெரபி நிலையம் நடத்துகிறேன். நானும் வரவேற்பைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரும்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஆளுக்கு 45 நிமிடம். மருந்துச் சீட்டு எழுதி அனுப்பும் வேலை இல்லை இது. ஒருவர் வரவில்லை என்றால் அந்த 45 நிமிடத்தை வேறு யாருக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது. மேஜை விரிப்பை மாற்றி, வெந்நீர் ஒத்தடப் பையைச் சூடாக்கி வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதே நேரத்தில் இன்னொருவர் முதுகுப் பிடிப்போடு "எப்போ நேரம் கிடைக்கும்?" என்று கேட்டுக் காத்திருப்போர் பட்டியலில் இருப்பார்.

எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். "முன்னறிவிப்பின்றி வராதவர்களிடமும், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்பவர்களிடமும் முழுக் கட்டணம் வசூலிக்கப்படும்." கீழே இரண்டு ஆச்சரியக்குறி வேறு. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: சுவரில் ஒட்டியதைப் படிப்பவர்கள் ஒழுங்காக வருபவர்கள். யாருக்காக எழுதினேனோ அவர்கள்தான் வரவில்லையே! வந்தவர்களில் ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு, "நான் எப்பவாவது வராம இருந்திருக்கேனா, மேடம்?" என்று முகம் சுண்டிக் கேட்டார்.

அந்த அறிவிப்பு மூன்று மாதம் இருந்தது. அது எப்படித் தோற்றது என்பதிலிருந்துதான் இப்போதுள்ள முறை பிறந்தது.

முதல் அடி நினைவூட்டலில் விழுந்தது. நாங்கள் அன்று காலையில்தான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். மாலை ஐந்து மணிக்கு வர வேண்டியவருக்குக் காலை ஒன்பதுக்குச் செய்தி போகும். அதைப் பார்த்து, "அய்யோ, இன்னிக்கா? முடியாதே" என்று அவர் அழைத்தால், எங்கள் விதிப்படி அவர் ஏற்கனவே குற்றவாளி. 24 மணி நேரக் கெடு முந்தின நாள் மாலையே முடிந்துவிட்டது. நினைவூட்டலே கெடு தாண்டித்தான் வந்தது என்றால், அது நினைவூட்டல் இல்லை, குற்றப்பத்திரிகை.

இரண்டாவது அடி இன்னும் மோசம். சொல்லாமல் வராதவருக்கும், மூன்று மணி நேரத்துக்கு முன் அழைத்துச் சொன்னவருக்கும் ஒரே தண்டனை வைத்திருந்தேன். எப்படியும் பணம் போகப்போகிறது, பிறகு எதற்காக அழைத்துத் திட்டு வாங்க வேண்டும்? சரிதானே. முன்பு கடைசி நேரத்திலாவது அழைத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் அதையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கோ மூன்று மணி நேரம் தங்கமான நேரம். காத்திருப்போர் பட்டியலில் பக்கத்தில் வசிப்பவர் யாரையாவது அழைத்துவிட முடியும். என் விதியே அந்த வழியை அடைத்துவிட்டது.

மூன்றாவது, பணம் கட்டத் தயங்காத ஒருவர். இரண்டு முறை வரவில்லை, இரண்டு முறையும் மறுவாரம் வந்து முழுக் கட்டணத்தையும் எடுத்து வைத்தார். "அதான் கட்டிட்டேனே, அப்புறம் என்ன?" என்றார். வாயடைத்துப் போனேன். அபராதம் என்று நினைத்து நான் வைத்ததை அவர் விலையாக எடுத்துக்கொண்டார். இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. பத்துக் காப்பகங்களில் ஆறில், பிள்ளையை அழைத்துப் போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. "ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே" என்ற கூச்சத்தைப் பணம் தின்றுவிட்டது. இதைப் படித்தபோது அந்த மனிதர் மேஜைமேல் நோட்டுகளை எடுத்து வைத்த விதம்தான் நினைவுக்கு வந்தது.

சரி, திட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று உதவியாளரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டோடு உட்கார்ந்தோம். மூன்று மாதத்தில் 41 முறை "வரவில்லை" என்று எழுதியிருந்தது. அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால், அதில் ஒன்பது பேர் முன்னதாகச் சொன்னவர்கள். இரண்டு முறை நாங்கள்தான் தேதியை மாற்றி எழுதியிருந்தோம். உண்மையில் சொல்லாமல் வராதது 30 தடவை. அதில் 19 தடவை வெறும் ஆறு பேருடையது.

ஆறு பேரையும் நானே அழைத்தேன். கண்டிக்க அல்ல, "என்ன ஆச்சு?" என்று கேட்க. ஒருவருக்கு நினைவூட்டல் போய்ச் சேர்ந்ததே இல்லை. பதிந்திருந்த எண் மகனுடையது, அவன் படிக்க வேறூர் போய் ஒரு வருடமாகிறது. ஒருவர் முறைவேலை பார்ப்பவர். பணிப் பட்டியல் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும், நாங்களோ இரண்டு வாரத்துக்கு முன்பே நேரம் எழுதிவிடுவோம். இன்னொரு பெண்ணுக்கு வலி போய்விட்டது. "இனிமே வரலைன்னு சொன்னா நீங்க தப்பா நினைச்சுப்பீங்களோன்னு இருந்தது" என்றார். இன்னும் இருவர் மறதி. மிச்சம் ஒருவர்தான் நான் கற்பனை செய்துவைத்திருந்த அலட்சியக்காரர். அவர்தான் அந்த நோட்டுக்காரர்.

அந்த ஒருவருக்காக எழுதிய அறிவிப்பைத்தான் எல்லார் முகத்துக்கு முன்பும் ஒட்டி வைத்திருந்தேன்.

முதலில் அறிவிப்பில் கைவைக்கவில்லை, நினைவூட்டலை மாற்றினோம். இரண்டு நாளுக்கு முன் மாலையில் செய்தி போகும். "வணக்கம். வியாழன் மாலை 4.30க்கு உங்கள் நேரம். வருவதாக இருந்தால் 1, முடியாதென்றால் 2 என்று பதில் அனுப்புங்கள்." அவ்வளவுதான். பதில் வராவிட்டால் ரத்து என்று எடுத்துக்கொள்வதில்லை, மறுநாள் உதவியாளர் அழைப்பார். ஆரம்பத்தில் பதில் இல்லை என்றால் நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துப் பார்த்தோம். செய்தியைப் பார்க்காமலே சரியான நேரத்துக்கு ஒருவர் வந்து நிற்க, ஒரே மேஜைக்கு இரண்டு பேர் ஆனதோடு அதை விட்டுவிட்டோம். முறைவேலைக்காரருக்கு வெள்ளி மாலையில்தான் நேரம் குறிப்பது என்று முடிவானது. எண்கள் எல்லாவற்றையும் நேரில் வரும்போது ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தோம். இதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிட்டது. விதி எதுவும் தேவைப்படாத பாதி அது.

அப்புறம்தான் அறிவிப்பு. இந்த முறை சுவரில் ஒட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் செய்தியாக அனுப்பினோம், அடுத்த முறை வந்தபோது ஒரு தாளாகவும் கையில் கொடுத்தோம். நவம்பர் நடுவில் கொடுத்து, ஜனவரியிலிருந்து நடைமுறை. எழுதியது இதுதான்:

"எங்களிடம் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு,

ஒவ்வொருவருக்கும் 45 நிமிடத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கிறோம். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட்டால் நல்லது. அன்றே சொன்னாலும் உதவும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சொல்லாமல் வராமல் போனால் முதல் முறை எதுவும் இல்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறை நடந்தால் நாங்களே அழைத்துப் பேசுவோம். மூன்றாம் முறைக்குப் பிறகு, அடுத்த பதிவுகளுக்குப் பாதிக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்போம். நீங்கள் வந்தால் அது அன்றைய கட்டணத்தில் கழியும். வராவிட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ திரும்பக் கிடைக்காது. ஆனால் அந்த நேரத்துக்கு வேறொருவர் வந்துவிட்டால் உங்கள் முன்பணம் அடுத்த முறைக்கு இருக்கும்.

முன்பணம் கட்ட விருப்பமில்லை என்றால் அன்று காலை அழையுங்கள். காலி இருந்தால் வரலாம். தொடர்ந்து மூன்று முறை வந்துவிட்டால் பழையபடி முன்பணமின்றிப் பதியலாம்.

உடம்புக்கு முடியாமல் போனது, வீட்டில் அவசரம் போன்றவை கணக்கில் சேராது. சான்று கேட்க மாட்டோம். கணக்கில் தவறு இருப்பதாகத் தோன்றினால் கேளுங்கள், பதிவேட்டைக் காட்டுவோம்.

நாங்கள் 24 மணி நேரத்துக்குள் உங்கள் நேரத்தை ரத்து செய்தாலோ, 15 நிமிடத்துக்கு மேல் காக்க வைத்தாலோ, அடுத்த முறை உங்களுக்குப் பாதிக் கட்டணம்.

இது ஜனவரி 1 முதல் செய்யும் பதிவுகளுக்கு மட்டும். அதற்கு முன் நடந்தது எதுவும் கணக்கில் இல்லை."

முன்பணத்துக்கு மாறியதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. வராதவரிடம் அபராதம் வாங்க வேண்டும் என்றால் அவர் வர வேண்டுமே! சுவர் அறிவிப்பு இருந்த காலத்தில் கட்டணத்துக்குப் பயந்து சிகிச்சையையே நிறுத்திவிட்ட இருவர் உண்டு. ஒருவருக்கு முழங்கால் அறுவை முடிந்து ஐந்தாவது வாரம், நிறுத்தவே கூடாத கட்டம். பணமும் வரவில்லை, காலும் மடங்கவில்லை. முன்பணத்தில் இந்தத் துரத்தல் கிடையாது. அவர் வந்தால் அவருக்கு ஒரு காசு நட்டமில்லை.

பாதி ஏன் என்றால், என் நட்டமே ஏறக்குறைய அவ்வளவுதான். வாடகை, உதவியாளர் சம்பளம் எல்லாம் எப்படியும் போகும், அந்த 45 நிமிடத்தில் என் உழைப்பு மட்டும் மிச்சம். நட்டத்தைவிட அதிகமாக வாங்கினால் அது தண்டனை. பல இடங்களில் சட்டமும் அப்படி வாங்குவதை ஏற்பதில்லை. நேரத்தை வேறொருவர் நிரப்பிவிட்டால் நட்டமே இல்லை, அப்போது முன்பணத்தை வைத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? காப்பீட்டில் வருபவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வராத நாளுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று சில திட்டங்களில் நிபந்தனை இருக்கும். வாங்கினாலும் ரசீதில் "வராத நேரத்துக்கான கட்டணம்" என்றுதான் எழுத வேண்டும். "சிகிச்சை" என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

இனி ஒருவர் கதையைச் சொல்கிறேன். கிடங்கு ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவர், இடது தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் வந்தவர். மறதிக்காரர் இருவரில் ஒருவர். ஜனவரி இரண்டாம் வாரம் வரவில்லை. நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆனதும் உதவியாளர் அழைத்தார், எடுக்கவில்லை. "இன்று உங்களைக் காணோம், நலம்தானே? வேறு நேரம் வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று செய்தி போனது. அன்றே அனுப்புவது முக்கியம். ஒரு வாரம் கழித்துச் சொன்னால், சொன்னேனா இல்லையா என்று இருவருக்குமே நினைவிருக்காது.

பிப்ரவரியில் மறுபடி. அழைப்புப் பட்டியலைப் பார்த்தோம், அவரிடமிருந்து எதுவும் இல்லை. நானே அழைத்தேன். "இது இரண்டாவது தடவை. இன்னொரு முறை ஆனால் முன்பணம் கேட்க வேண்டியிருக்கும். நேரம் உங்களுக்குச் சரிப்படவில்லையா?" என்றேன். நேரம் சரிதான், சரக்கு வந்து இறங்கினால் எல்லாம் மறந்துபோகிறது என்றார். பேசியதை இரண்டு வரியில் செய்தியாகவும் அனுப்பினேன். வாயால் சொல்வது மட்டும் போதாது. மூன்றாம் முறை வரும்போது "இப்படின்னு யாரும் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு வரும், அவர் பொய் சொல்வதாகவும் இருக்காது.

மார்ச் தொடக்கத்தில் மூன்றாவது. இந்த முறை அழைக்க எனக்குக் கை வரவில்லை. நல்ல மனிதர், தோள் பாதிதான் தேறியிருக்கிறது. ஆனால் பிப்ரவரியில் அனுப்பிய செய்தி இருக்கிறதே. அறிவிப்பில் உள்ள வாக்கியத்தையே எழுதி, அடுத்த பதிவுக்கு முன்பணம் வேண்டும், இல்லையென்றால் காலையில் அழைத்துக் காலி நேரத்துக்கு வரலாம் என்று அனுப்பினேன். கூடவே வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சிகளையும் எழுதினேன். விதியும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று பணயம் ஆகிவிடக் கூடாது. பணயம் ஆகிவிட்டால் அந்த முழங்கால்காரர் கதைதான். ஒரு மணி நேரத்தில் முன்பணம் வந்துவிட்டது. கோபம் எதுவும் இல்லை, "நியாயம்தான்" என்று ஒரு சொல். ஏற்கனவே தெரிந்த விதி, ஏற்கனவே வந்த எச்சரிக்கை. சண்டை போட அதில் எதுவும் இல்லை.

சண்டை வேறு பக்கத்திலிருந்து வந்தது, என் உதவியாளரிடமிருந்து. மார்ச் கடைசியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், "அக்கா, உங்க தோழிக்கு மட்டும் ஏன் எழுதறதில்ல?" என்றார். என் பள்ளித் தோழி. மூன்று தடவை வரவில்லை, மூன்று தடவையும் நான் "பாவம், வேலை" என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தேன். அப்படித் தள்ளியவற்றை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். ஏழு விலக்கு. ஏழில் ஐந்து பேர் எனக்கு வெளியிலும் தெரிந்தவர்கள், அல்லது நயமாகப் பேசத் தெரிந்தவர்கள். வாய் திறந்து கேட்கத் தெரியாதவர்கள்தான் விதியின்படி நடத்தப்பட்டிருந்தார்கள். இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது பழக்கத்துக்குக் கொடுத்த சலுகை.

அதன்பின் விலக்குக்கும் ஒரு ஒழுங்கு வந்தது. உடல்நலம், வீட்டு அவசரம் இவற்றுக்கு உச்சவரம்பு இல்லை. மற்ற எந்தக் காரணமானாலும் ஆறு மாதத்தில் ஆளுக்கு ஒரு விலக்குதான், காரணத்தோடு பதிவேட்டில் ஏற வேண்டும். விலக்குக் கொடுக்கும் அதிகாரம் உதவியாளருக்கும் உண்டு, அதற்காக என் காதில் வந்து கிசுகிசுக்க வேண்டியதில்லை. பதிவேட்டில் "வரவில்லை" என்று ஒரே சொல்லாக எழுதுவதும் நின்றது. சொல்லாமல் வராதது, தாமதமாகச் சொன்னது, நாங்கள் ரத்து செய்தது என்று மூன்று குறிகள். சந்தேகமாக இருந்தால் முதல் குறி போடக் கூடாது. தோழியிடம் முன்பணம் கேட்டேன். இரண்டு வாரம் பேசவில்லை, அப்புறம் கட்டினாள்.

நோட்டுக்காரர் மூன்றாம் முறைக்குப் பிறகு காலையில் அழைத்து வருபவர் ஆகிவிட்டார். அவருடைய வாழ்க்கைக்கு அதுதான் பொருந்துகிறது போல. அழைத்த நாளில் தவறாமல் வந்துவிடுகிறார், எனக்கும் காலி நேரம் நிரம்புகிறது. இவ்வளவு நாள் இரண்டு வாரம் முன்னதாகப் பதியச் சொல்லி நான்தான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த முறையால் வராமை ஒழிந்துவிடவில்லை. மாதத்துக்கு மூன்று நான்கு இன்னும் உண்டு, பெரும்பாலும் முதல் முறை வருபவர்கள் பதிந்துவிட்டு வராமல் போவது. ஆறு மாதக் கணக்கு அவர்களிடம் செல்லாது. அவர்களை முந்தின நாள் ஒரு முறை அழைத்துப் பேசுகிறோம், அவ்வளவுதான் முடிகிறது.

கிடங்குக்காரருக்கு வருகிறேன். முன்பணம் கட்டிய பிறகு இரண்டு முறை ஒழுங்காக வந்தார். மூன்றாவது முறை, மூன்று மணி நேரத்துக்கு முன் அழைத்துச் சரக்கு வண்டி வந்துவிட்டது என்றார். பட்டியலில் இருந்த ஒரு அம்மா அந்த நேரத்துக்கு வந்துவிட்டதால் அவர் முன்பணம் அடுத்த வாரத்துக்குப் போனது. அடுத்த வாரம் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே என் மேஜையில் வேறொருவர் படுத்திருந்தார். ஒரே நேரத்தை இரண்டு பேருக்கு எழுதியிருந்தேன், என் கையெழுத்திலேயே.

அவர் அரை மணி நேரம் காத்திருந்தார். வெளியே வந்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து விரித்தார். நவம்பரில் நாங்கள் கொடுத்த அதே அறிவிப்பு. கடைசிக்கு முந்தின பத்தியில் விரலை வைத்து, "மேடம், இப்ப உங்க முறை" என்றார். உதவியாளர் பதிவேட்டைத் திறந்து, மூன்றாவது குறியைப் போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதினார்.